பி.எட். செல்லுமா? பன்னாட்டுப் பள்ளி கேட்கும் காகிதங்கள்

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். போன வருஷம் வரை பக்கத்து மேசையில் இருந்த இயற்பியல் டீச்சர் துபாய்க்குப் போய்விட்டார். சம்பளம் இவ்வளவாம், வீடும் தருகிறார்களாம். அடுத்த கேள்வி, "நம்ம பி.எட். அங்கே செல்லுமா?" இதற்குப் பதில் தேடினால் கைப்பேசியில் வந்து விழுவது பெரும்பாலும் ஒரு விளம்பரம்தான். சர்வதேச ஆசிரியர் சான்றிதழ், மூன்றே மாதத்தில், வீட்டிலிருந்தபடியே. பணத்தைத் தவணையிலும் கட்டலாம்.

கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சர்வதேச ஆசிரியர் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. ஆசிரியர் உரிமம் என்பது எப்போதும் ஒரு நாடு கொடுப்பது, அல்லது அந்த நாட்டின் ஒரு மாநிலம் கொடுப்பது. பன்னாட்டுப் பள்ளிக்குப் போகும் ஆசிரியரிடம் தகுதிச் சான்று கேட்பவர்கள் மூன்று பேர். பள்ளி இருக்கும் நாட்டின் அரசு ஒன்று. பாடத்திட்டத்தை நடத்தும் அமைப்பு இன்னொன்று. வேலைக்கு எடுக்கும் பள்ளி மூன்றாவது. இந்த மூவரும் கேட்பது ஒன்றல்ல. யார் எதைக் கேட்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்காததால்தான் ஆசிரியர்கள் தேவையில்லாத படிப்புக்குப் பணம் கட்டிவிட்டு, தேவையான காகிதத்தைக் கடைசி வாரத்தில் தேடி ஓடுகிறார்கள்.

பாடத்திட்ட அமைப்பைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடலாம், ஏனென்றால் அங்கேதான் பயம் அதிகம், தடை குறைவு. 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருக்கும் பள்ளிகளில் கணிசமானவை நம் ஊரில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள்தான், பெயரில் மட்டுமே கடல் தாண்டியவை. அங்கே கேட்கும் தகுதி மற்ற சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கேட்பதேதான். உண்மையில் வேறு பாடத்திட்டம் நடத்துபவை என்றால் பெரும்பாலும் இரண்டு: 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி., அப்புறம் ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் தேர்வுகளை நடத்தும் கேம்பிரிட்ஜ். இவை இரண்டும் ஆசிரியருக்கு உரிமம் வழங்கும் அமைப்புகள் அல்ல. அனுமதி கொடுப்பது பள்ளிக்கு.

ஐ.பி. தன் பள்ளிகளிடம் ஒரு நிபந்தனை வைக்கிறது: உங்கள் ஆசிரியர்கள் எங்கள் பயிற்சிப் பட்டறைகளில் கலந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டறைகள் மூன்று வகை. ஐ.பி.க்குப் புதிதாக வருபவருக்கு முதல் வகை, வகுப்பில் பழகிவிட்டவருக்கு இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட விஷயத்தை ஆழமாகப் பார்க்க விரும்புபவருக்கு மூன்றாவது. நிபந்தனை பள்ளிமீது இருப்பதால் அனுப்புவதும் செலவைப் பார்த்துக்கொள்வதும் வழக்கமாகப் பள்ளியின் வேலை. சில பல்கலைக்கழகங்கள் வழியாக ஐ.பி. தரும் கற்பித்தல் சான்றிதழ் ஒன்றும் உண்டு. வைத்திருந்தால் விண்ணப்பத்தில் நன்றாகத் தெரியும். இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏராளம். கேம்பிரிட்ஜிலும் கதை இதேதான். அதன் தொழில் மேம்பாட்டுச் சான்றிதழ்களை, அதற்கென்று பதிவு பெற்ற பள்ளிகளிலும் மையங்களிலும், வகுப்பு எடுத்துக்கொண்டே முடிக்க வேண்டும். ஆகவே உள்ளூர்ப் பள்ளியில் இருக்கும்போதே சொந்தப் பணத்தில் 'ஐ.பி. சர்டிபிகேட்' வாங்கிவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சரியல்ல. பாடப் புத்தகத்தை விட்டு வெளியே வந்து பாடம் நடத்தத் தெரியுமா என்பதை அவர்கள் மாதிரி வகுப்பிலேயே பார்த்துவிடுவார்கள்.

உண்மையான சோதனை அரசிடம். அதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால்தான் புரியும். துபாயை எடுத்துக்கொள்வோம், நம் ஆசிரியர்கள் அதிகம் போகும் ஊர் என்பதால்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டு வருஷமாக இயற்பியல் நடத்தும் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிக்குப் போய்ப் படித்த பி.எஸ்சி. இயற்பியல். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பி.எட். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் முடித்த எம்.எஸ்சி. துபாயில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி ஒன்று இணையவழியில் நேர்காணல் நடத்தி, பிடித்துப்போய், நிபந்தனையோடு கூடிய பணி ஆணையை அனுப்பியிருக்கிறது. நிபந்தனை என்ன? துபாயில் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் கே.எச்.டி.ஏ. என்ற அமைப்பு இவருடைய நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். விண்ணப்பிப்பது பள்ளி, காகிதம் கொடுப்பது ஆசிரியர். அபுதாபிக்கு வேறு அமைப்பு உண்டு. எமிரேட் மாறினால் ஒப்புதலை மறுபடி வாங்க வேண்டியிருக்கும்.

அங்கே முதலில் பார்ப்பது பட்டத்தை. நடத்தப் போகும் பாடமும் பட்டத்தின் பாடமும் பொருந்த வேண்டும். நம் ஊரில் கணிதம் படித்தவர் இயற்பியலும் சேர்த்து நடத்துவது சாதாரணம். அங்கே அது ஒத்துவராது. ஆசிரியர் பட்டயம் மட்டும் முடித்துவிட்டு, பட்டம் இல்லாமல் தொடக்க வகுப்பு எடுப்பவருக்கும் இங்கே கதவு திறப்பது கடினம், எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும். நம் இயற்பியல் ஆசிரியருக்கு இந்தக் கட்டத்தில் சிக்கல் இல்லை. ஆனால் அவர் செய்ய வேண்டிய முடிவு ஒன்று உண்டு. எம்.எஸ்சி. பெரிய பட்டம் என்று அதைத் தூக்கி முன்னால் வைக்கக் கூடாது. அது தொலைநிலைப் பட்டம். வளைகுடா நாடுகளில் தொலைநிலைப் பட்டங்களைச் சரிபார்க்கும்போது கேள்விகள் அதிகம் வரும். நேரில் போய்ப் படித்த பி.எஸ்சி.யும் பி.எட்.டும் அவரைத் தாங்கப் போதுமானவை. எம்.எஸ்சி.யைத் தன்குறிப்பில் 'தொலைநிலை' என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, ஒப்புதலுக்கு மற்ற இரண்டையும் நம்புவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது சான்றொப்பம். இந்தியா ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. இந்த ஒரு வரியில் பலருடைய பணமும் காலமும் போயிருக்கின்றன. ஓமான், பஹ்ரைன், சவூதி அரேபியா போன்ற உடன்படிக்கை நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' என்ற ஒற்றை முத்திரை போதும். நண்பர் மஸ்கட்டுக்கு அப்படிச் செய்தார் என்று துபாய்க்கும் அப்போஸ்டில் வாங்கினால் பயனில்லை. துபாய்க்கு நீண்ட வழிதான். பல்கலைக்கழகம் பட்டம் உண்மையானது என்று உறுதி செய்ய வேண்டும், மாநில அரசின் துறை ஒப்பமிட வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் உள்ள முத்திரையைத்தான் பார்க்கிறார், பட்டத்தை அல்ல. அதனால் நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதிக்க முடியாது.

இந்தச் சங்கிலி தொடங்க வேண்டியது பட்டமளிப்புச் சான்றிதழில். எட்டு வருஷமாகத் தற்காலிகச் சான்றிதழையே வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். மெட்ரிக் பள்ளித் தாளாளர் அதைக் கேட்டதே இல்லை, இவரும் வாங்கவில்லை. இப்போது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துப் பட்டம் கைக்கு வர எவ்வளவு நாளாகும் என்பது அந்தந்த அலுவலகத்தைப் பொறுத்தது. வெளிநாட்டு எண்ணம் மனதில் இருக்கிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். நேர்காணலுக்குப் பிறகு அல்ல, இப்போதே.

பட்டத்தோடு பெரும்பாலும் இன்னொரு காகிதமும் கேட்பார்கள்: இந்தப் படிப்பை நேரில் வந்து, முழுநேரமாக, இன்ன ஊரில் படித்தார் என்று பல்கலைக்கழகம் தரும் கடிதம். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்திய ஆசிரியர்கள் பலருக்குத் தங்கள் பட்டத்தின் சமநிலையை நிறுவ முடியாமல் போனது. காரணங்களில் ஒன்று மதிப்பெண் பட்டியலில் இருந்த 'இன்டர்னல்', 'எக்ஸ்டர்னல்' என்ற இரண்டு தலைப்புகள். நமக்கு அது தெரிந்த விஷயம்: கல்லூரி போடும் அக மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75 என்பது போல. அங்கே சரிபார்த்தவர்களுக்கு 'எக்ஸ்டர்னல்' என்றால் கல்லூரிக்கு வராமல் வெளியிலிருந்து படித்தவர் என்று தோன்றியது. இந்தியத் தூதரகம் தலையிட்டு விளக்கிய பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. படித்தவர் பொய் சொல்லவில்லை, பல்கலைக்கழகமும் தவறு செய்யவில்லை. ஆனாலும் வேலை ஆட்டம் கண்டது. ஆகவே 'ரெகுலர்' என்று பல்கலைக்கழகமே தன் கடிதத்தாளில் எழுதித் தரும் ஒரு வரிக்கு நாம் நினைப்பதை விட மதிப்பு அதிகம். சமநிலை, அங்கீகாரம் ஆகியவற்றுக்கான விதிமுறைகளை அமீரகம் அவ்வப்போது மாற்றிக்கொண்டே வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் போனவர் சொல்லும் வழி இன்று பொருந்தாமல் போகலாம். பள்ளியின் மனிதவளத் துறை எழுத்தில் சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

'ரெகுலர்' என்ற அந்த வரியில் வேறொரு கண்ணியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே, வகுப்புக்குப் போகாமல், வேறு மாநிலக் கல்லூரி ஒன்றில் 'ரெகுலர்' பி.எட். என்று சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கே தெரிந்த ரகசியம். இங்கே யாரும் தேதிகளை ஒட்டிப் பார்ப்பதில்லை. அங்கே பார்ப்பார்கள். 2016 ஜூனிலிருந்து 2018 மே வரை வேலூரில் முழுநேர ஆசிரியர் என்று அனுபவச் சான்றிதழ் சொல்கிறது. அதே இரண்டு வருஷம் இன்னொரு மாநிலத்தில் முழுநேர மாணவர் என்று பி.எட். சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்பதை அறிய எந்த நிபுணரும் வேண்டாம். கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருந்ததா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை முடிந்துவிடும். இதற்கு மாற்று மருந்து எதுவும் இல்லை. பணிபுரியும் ஆசிரியர்களுக்கென்றே முறையான தொலைநிலை பி.எட். இருக்கிறது, அதைத் தொலைநிலை என்றே சொல்லிப் படித்தவர் குறைந்தபட்சம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. 2015-க்கு முன்னால் ஓர் ஆண்டு பி.எட். முடித்தவர்கள் கவலைப்பட வேண்டாம். அப்போது படிப்பே ஓர் ஆண்டுதான். 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள்தான் அதை இரண்டாண்டு ஆக்கின. யாராவது கேட்டால் அதைச் சொல்லும் ஒரு கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடம் வாங்கிக்கொள்ளலாம்.

இனி, தமிழருக்கே உரிய ஒரு தலைவலி. பெயர்.

மீனாட்சி, அப்பா பெயர் சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மீனாட்சி எஸ்'. பட்டத்தில் 'எஸ். மீனாட்சி'. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் குமாரின் முன்னெழுத்தோடு 'மீனாட்சி கே'. பாஸ்போர்ட்டில் பெயர்க் கட்டத்தில் மீனாட்சி, குடும்பப்பெயர்க் கட்டத்தில் சுப்பிரமணியன். அல்லது அந்தக் கட்டமே காலி. நமக்கு இவர்கள் எல்லாரும் ஒரே ஆள். முன்னெழுத்து என்ற வழக்கமே இல்லாத ஊரில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் அலுவலருக்கு இது மூன்று பேர். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சில வகை விசாக்களில் நுழைவு மறுப்பதாக அறிவித்தபோது தமிழ்நாட்டில்தான் அதிகம் பதறினார்கள். தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது.

எதை எதற்குப் பொருத்துவது என்றால், பாஸ்போர்ட்தான் அச்சு. விசாவும் பணி ஒப்புதலும் அதிலுள்ள பெயரில் வரும். ஆகவே முதலில் பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை முழுப் பெயராக விரித்து எழுத வேண்டும். பட்டத்தில் உள்ள 'எஸ்' இந்தச் சுப்பிரமணியன்தான் என்பதை நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் ஒன்றில் சொல்லி, பழைய பள்ளிச் சான்றிதழில் உள்ள தந்தை பெயரைத் துணைக்கு வைக்கலாம். எழுத்து வேறுபாடு சின்னதாக இருந்தால் பெரும்பாலும் அது போதும். பெயரே வேறு என்றால், எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டியவர்கள் உட்பட, அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்தில் சுப்பிரமணியனுக்கு எத்தனை வடிவம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஒரே வடிவத்தை எல்லாக் காகிதத்திலும் கொண்டுவருவது, முத்திரை வாங்கத் தொடங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை. முத்திரை குத்திய பிறகு திருத்தினால் சங்கிலியை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் இதற்கு நேர்மாறு. அது சில மாதங்களில் பழசாகிவிடும். ஆர்வத்தில் முதலிலேயே வாங்கினால் தேவைப்படும்போது காலாவதியாகியிருக்கும். பாஸ்போர்ட் சேவா வழியாக, பணி ஆணை வந்த பிறகு வாங்கினால் போதும். வேலைக்குச் சேர்ந்த பிறகு அமீரகத்தின் ஆசிரியர் உரிமத் தேர்வுகள் என்று ஒன்று உண்டு, கற்பித்தல் முறையில் ஒன்றும் சொந்தப் பாடத்தில் ஒன்றும். அதை இங்கிருந்தே எழுதிவிட்டுப் போக வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, பிரிட்டிஷ் பள்ளியின் விளம்பரத்தில் 'கியூ.டி.எஸ். விரும்பத்தக்கது' என்று ஒரு வரி இருக்கும். நம்மவர்கள் பலர் அதைப் பார்த்ததும் விளம்பரத்தை மூடிவிடுகிறார்கள். கியூ.டி.எஸ். என்பது இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் நடத்தத் தகுதி பெற்ற ஆசிரியர் என்ற நிலை. துபாய்ச் சட்டம் அதைக் கேட்கவில்லை. பள்ளி கேட்கிறது, பெற்றோரிடம் சொல்லிக்கொள்ள. வெகுகாலமாக இந்திய ஆசிரியர்களுக்கு இது எட்டாத உயரத்தில் இருந்தது. 2023 பிப்ரவரியில் இங்கிலாந்துக் கல்வித் துறை ஓர் இணைய விண்ணப்ப முறையைத் திறந்து, இந்தியா, நைஜீரியா, கானா, ஜமைக்கா போன்ற நாடுகளில் பயிற்சி பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றது. கட்டணம் கிடையாது. நமக்கு வைத்த எல்லை: கணிதம், அறிவியல், மொழிப் பாடங்கள், 11 முதல் 16 வயது மாணவர்களுக்கு நடத்தத் தகுதி. பட்டம், முறையான ஆசிரியர் பயிற்சி, குறைந்தது ஒரு கல்வியாண்டு அனுபவம், ஆங்கிலத் திறன், ஆசிரியர் பணியில் தடை எதுவும் பெறாதவர் என்பதற்கான சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும்.

நம் திருநெல்வேலி ஆசிரியர் இதற்குள் வருவார்: இயற்பியல், ஒன்பது பத்தாம் வகுப்புகள், எட்டு வருஷம். பக்கத்து வகுப்பின் வரலாற்று ஆசிரியர் வரமாட்டார்; திறமையில் குறைவு என்பதால் அல்ல, அந்தப் பாடத்துக்கு இங்கிலாந்தில் ஆள் பற்றாக்குறை இந்த அளவுக்கு இல்லை என்பதால். மூன்றாம் வகுப்பு ஆசிரியரும் வரமாட்டார். கியூ.டி.எஸ். கிடைத்தால் அது விசா ஆகாது, வேலையும் ஆகாது. ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஒரு பிரிட்டிஷ் பள்ளி விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும்போது மேல் அடுக்கில் கொண்டுபோய் வைக்கும்.

இதே இடத்தில்தான் மிக விலையுயர்ந்த குழப்பமும் நடக்கிறது. பி.ஜி.சி.இ. என்றால் இங்கிலாந்தின் ஆசிரியர் பயிற்சி என்று எல்லாருக்கும் தெரியும். அதன் இன்னொரு வடிவம் பி.ஜி.சி.இ.ஐ.; கடைசி எழுத்து 'இன்டர்நேஷனல்' என்பதைக் குறிக்கும். நாட்டிங்காம், சண்டர்லேண்ட் போன்ற நல்ல பல்கலைக்கழகங்களே வெளிநாட்டு ஆசிரியர்களுக்காக அதை நடத்துகின்றன. படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் அதைப் படித்தால் கியூ.டி.எஸ். வராது. படிப்புக் குறிப்பிலேயே அது தெளிவாக எழுதியிருக்கும். இடையிலுள்ள முகவர் படித்துக் காட்டமாட்டார். கியூ.டி.எஸ்.ஸுக்குச் சமமாக இங்கிலாந்து அரசே ஏற்கும் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பெயர் வேறு, ஐ.கியூ.டி.எஸ். அதில் பள்ளியில் நேரடிப் பயிற்சியும் மதிப்பீடும் உண்டு, வெறும் இணைய வகுப்பு அல்ல. பி.எட். இல்லாமல் வகுப்பறையில் இருப்பவருக்கு இந்தப் படிப்புகள் பொருள் உள்ளவை. பி.எட். வைத்திருக்கும் அறிவியல் ஆசிரியர் காசு கொடுத்து அதைப் படிப்பதற்கு முன், காசில்லாத விண்ணப்பத்தை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாமே.

மூன்றாவது ஆளான பள்ளி கேட்பது சான்றிதழ் மாதிரியே தெரியாது, ஆனால் அதில்தான் உள்ளூர் ஆசிரியர் அதிகம் தடுமாறுகிறார். நம் பள்ளிகள் தரும் அனுபவச் சான்றிதழைப் பாருங்கள்: இன்னார் எங்கள் பள்ளியில் பணிபுரிந்தார், நடத்தை நன்று, வாழ்க வளமுடன். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பாடம், எந்த வகுப்புகள், முழுநேரமா, எந்தப் பதவி, கையெழுத்திட்டவர் யார், அவரை எந்த மின்னஞ்சலில் கேட்கலாம் என்ற எதுவும் இருக்காது. இவை எல்லாம் ஒரு பக்கத்தில் வேண்டும். பழைய பள்ளி மூடப்பட்டிருந்தால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, சம்பளம் வரவான வங்கிப் பதிவு, நியமன ஆணை ஆகியவை துணைச் சாட்சிகள். சம்பளத்தைக் கையில் கொடுத்து, வைப்பு நிதியும் கட்டாத பள்ளியில் பத்து வருஷம் உழைத்தவர் அந்தப் பத்து வருஷத்தையும் நிரூபிக்க முடியாமல் நிற்பது நடக்கிறது.

குழந்தைப் பாதுகாப்பை முன்னிட்டு இப்பள்ளிகள் பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியர் கையில் வாங்குவதில்லை. தற்போதைய பள்ளி முதல்வருக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பும்: இவர் குழந்தைகளோடு பழகியதில் ஏதாவது புகார் உண்டா, மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா? முதல்வருக்கு முன்கூட்டியே சொல்லாமல் இருந்தால் அந்த மின்னஞ்சல்தான் அவருக்கு முதல் செய்தி. அது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டாம். பதினெட்டு வயதிலிருந்து எந்த இடைவெளி இருந்தாலும் கேட்பார்கள். குழந்தை பிறந்து மூன்று வருஷம் வீட்டில் இருந்ததை மறைக்க நம் ஆசிரியைகள் தேதிகளை இழுத்து ஒட்டுகிறார்கள். இடைவெளி குற்றமல்ல, 'குழந்தை வளர்ப்பு' என்று எழுதினால் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஒட்டிய தேதி வைப்பு நிதிக் கணக்கோடு மோதும்போதுதான் சந்தேகம் வரும்.

சென்னையிலோ கோவையிலோ உள்ள பன்னாட்டுப் பள்ளிக்கு மாறுபவருக்கு இந்த முத்திரைச் சங்கிலி எதுவும் இல்லை. பட்டம், பி.எட்., அனுபவம், ஒரு மாதிரி வகுப்பு, பரிந்துரை. மேல் வகுப்புகளுக்குப் பாடத்தில் முதுகலை இருந்தால் பி.எட். இல்லாமலே எடுக்கும் பள்ளிகளும் உண்டு. ஆனால் வேலைக்கு எடுப்பது வேறு, சட்டம் வேறு. எட்டாம் வகுப்பு வரை நடத்துபவருக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்ட குறைந்தபட்சத் தகுதி அறிவிப்பில் ஆசிரியர் தகுதித் தேர்வும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் அதை மேலும் அழுத்திச் சொல்லியிருக்கிறது. துபாய்க்கு டெட் தேவையில்லை. சில வருஷம் கழித்துத் திரும்பி வந்து ஆறாம் வகுப்பு எடுக்க நினைப்பவருக்கு அது தேவைப்படும். ஒருமுறை தேறினால் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2021-இலேயே விதி மாறிவிட்டதால், வெளிநாடு போகும் முன் எழுதித் தேறிவிட்டுப் போவதில் நஷ்டம் இல்லை.

இவ்வளவையும் எந்த வரிசையில் செய்வது? பெயர்த் திருத்தமும் பட்டமளிப்புச் சான்றிதழும் இன்றைக்கே. பி.எஸ்சி., பி.எட். இரண்டுக்கும் பல்கலைக்கழகக் கடிதம் விண்ணப்பிக்கத் தொடங்கும்போது. தூதரக முத்திரைகள், எந்த நாடு என்று உறுதியான பிறகு. காவல்துறைச் சான்று கடைசியில். ராஜினாமா அதற்கும் பிறகு. வந்திருப்பது நிபந்தனையோடு கூடிய ஆணை என்பதை மறக்கக் கூடாது. ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்த ஆணை வெறும் காகிதம். கையெழுத்திடும் முன் பள்ளியிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள்: ஒப்புதல் மறுக்கப்பட்டால் என்ன ஆகும், சான்றொப்பச் செலவு யாருடையது, நடுவில் விலகினால் என்ன தண்டம்.

அதற்கு முன்னால், அசல் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேரும் நாளில் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டும் தாளாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்விச் சான்றிதழ் அடகு வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வழக்குப் போட்டு வாங்குவதற்குள் துபாயில் செப்டம்பர் பருவம் தொடங்கிவிடும். 'பட்டத்தில் பெயர் திருத்த வேண்டியிருக்கிறது, பல்கலைக்கழகம் அசலைக் கேட்கிறது' என்று எழுதிக் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலான தாளாளர்கள் கொடுத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன பெயர்ச் சிக்கல் உள்ளவருக்கு அது உண்மையும்கூட.